இலவசப் பாடங்கள் இலவசமாகவே இருக்கும். கட்டணம் எதற்கு என்று சொல்கிறோம்

அன்புள்ள மாணவர்களுக்கும் பெற்றோருக்கும், வணக்கம்.

வரும் விஜயதசமியன்று எங்கள் கர்நாடக சங்கீதக் கட்டண வகுப்பில் சேர்க்கை தொடங்குகிறது. அதைச் சொன்ன நாளிலிருந்து உங்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "யூடியூபில் ஸரளி வரிசையும் ஜண்டை வரிசையும் சும்மாவே சொல்லித் தருகிறீர்களே, அப்புறம் காசு எதற்கு?" நியாயமான கேள்வி. அக்காவும் நானும் உட்கார்ந்து பேசி இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. ஸரளி, ஜண்டை, தாட்டு, ஏழு தாள அலங்காரம் வரை உள்ள பாடங்கள் எதையும் எடுத்துவிட மாட்டோம், பூட்டி வைக்கவும் மாட்டோம். ஒவ்வொரு வரியும் பாடியபின் ஓர் ஆவர்த்தனம், ஸரளியில் என்றால் எட்டு அட்சரம், தம்பூரா மட்டும் ஒலிக்க இடம் விட்டிருக்கிறோம் அல்லவா? அந்த இடத்தில் நீங்கள் தனியாகப் பாட வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தோம். நிறையப் பேர் அதை விட்டுவிட்டு எங்கள் குரலோடு சேர்ந்தே பாடுகிறீர்கள். சேர்ந்து பாடும்போது காதில் விழுவது எங்கள் குரல்தான். உங்கள் ஸ்வரம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது எங்களிடம் பதிவுசெய்த பாடங்கள் மட்டும்தான் இருந்தன. காசு கட்டினால் கீதத்திலிருந்து தொடங்கலாம். இலவசப் பாடங்களை மூன்று மாதம் விடாமல் பாடிப் பழகிய ஒரு அம்மா அதை வாங்கினார். மலஹரி ராகத்தில் முதல் கீதம், 'ஸ்ரீ கணநாத'. இரண்டு வாரம் கழித்து, "எனக்கு மட்டும் ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது?" என்று கேட்டு, தான் பாடியதைப் பதிவு செய்து அனுப்பினார். தாளம் சரி, குரலும் நல்ல குரல். ரிஷபம் மட்டும் தவறு.

அந்தக் கீதம் 'ம ப த ஸ ஸ ரி' என்று தொடங்குகிறது. முதல் வரியிலேயே மேல் ஷட்ஜத்தைத் தொட்டு அதை ஒட்டி இருக்கும் ரிஷபத்துக்குப் போக வேண்டும். ஸரளி பாடும் மாயாமாளவகௌளையிலும் அதில் பிறந்த மலஹரியிலும் வருவது சுத்த ரிஷபம். ஷட்ஜத்துக்குப் பக்கத்து வீடு. நம் காது தினமும் கேட்கும் பாட்டுகளில் பெரும்பாலும் அதைவிட ஒரு படி மேலே இருக்கும் சதுஸ்ருதி ரிஷபம்தான் பழக்கம். அதனால் குரல் தன்னை அறியாமல் மேலே ஏறிவிடும். அந்த அம்மா மூன்று மாதமும் ஏறிய ரிஷபத்தோடுதான் ஸரளி பாடியிருக்கிறார். எங்கள் குரல் கூடவே ஒலித்ததால் அவருக்குக் கேட்கவில்லை. அதைச் சொல்ல எங்களுக்கும் வழி இருக்கவில்லை. அவரிடம் காசு வாங்கிக்கொண்டு கீதத்துக்கு அனுப்பியது எங்கள் தவறு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் மறுபடி முதல் ஸரளிக்குப் போய், ஆறு வாரத்தில் ரிஷபத்தை நேராக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

அதன் பிறகுதான் முறையை மாற்றினோம். பாடம் எல்லோருக்கும் ஒன்று, அதைப் பதிவு செய்து வைத்தால் போதும். தவறு ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. அதை யாராவது உட்கார்ந்து கேட்டாக வேண்டும். நீங்கள் கட்டும் தொகை அப்படிக் கேட்பதற்குத்தான்.

இப்போது எப்படி நடக்கும்? சேரும் முன் ஒரு பதிவு அனுப்புங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. ஒரு போனில் தம்பூராவைப் போட்டு, இன்னொரு போனில் பதிவு செய்யுங்கள். சுருதி உங்கள் வசதி; பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஆறு கட்டை, ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டை ஒத்துவரும். முதல் ஸரளியை இரண்டு காலத்தில் பாடி, கடைசியில் 'ஸ ரி ஸ' என்று பாடுங்கள். ரிஷபத்தில் நான்கு எண்ணிக்கை நிற்க வேண்டும். உடனே அனுப்ப வேண்டாம். மறுநாள் காலையில் நீங்களே ஒருமுறை கேளுங்கள், பாதித் தவறு உங்கள் காதுக்கே பிடிபடும். நாங்கள் கேட்டுவிட்டு, கீதத்துக்குப் போகலாமா, எந்த இலவசப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்வோம். திரும்ப வேண்டியவர்களிடம் பணம் வாங்க மாட்டோம்.

சேர்ந்தபின் வாரம் ஒரு பதிவு, மூன்று நிமிடத்துக்குள். இருமுறை கேட்டு, தவறிய இடத்தைப் பாடிக் காட்டிப் பதில் அனுப்ப எங்களுக்கு ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. நாற்பது பேர் என்றால் வாரத்துக்கு எட்டு மணி நேரம். அதற்கு மேல் கேட்டால் காது களைத்துப் போகிறது, ரிஷபம் ஏறியது எங்களுக்கே தெரியாமல் போகும். அதனால்தான் நாற்பதோடு நிறுத்துகிறோம். மாதம் 900 ரூபாய். இடம் நிறைந்துவிட்டால் காத்திருங்கள். அதுவரை இலவசப் பாடம் இருக்கிறது.

"நேரலையில் சேர்ந்து பாட வைக்கலாமே" என்று சிலர் கேட்டீர்கள். வீடியோ அழைப்பில் ஒலி போய்த் திரும்பக் கால் நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளம் நொடிக்கு ஒரு தட்டு. முதல் காலத்தில் சமாளிக்கலாம். மூன்றாம் காலத்தில் ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம், ஒரு ஸ்வரத்துக்குக் கால் நொடிதான். அதாவது நீங்கள் ஒரு ஸ்வரம் முழுதாகப் பின்தங்கி எங்களுக்குக் கேட்பீர்கள். அதனால் மாதம் ஒருமுறை நடக்கும் நேரலையில் ஒருவர் பாட மற்றவர்கள் கேட்பது மட்டும்தான்.

அந்த நேரலைக்கு வரும்போது ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். ஜூம் உங்கள் தம்பூராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். நீட்டிப் பாடும் ஸ்வரத்தையும் சில நேரம் நடுவில் விழுங்கிவிடும். ஒலி அமைப்பில் `Original sound for musicians` என்பதை இயக்கிவிட்டு, கூட்டத்துக்குள் வந்ததும் அது இயங்குகிறதா என்று பாருங்கள். இயர்போன் கட்டாயம்.

யூடியூபிலேயே உறுப்பினர் ஆகும் வசதி இருக்கிறதே என்றால், அங்கே கட்டும் பணத்தில் 30 சதவீதம் அவர்களுக்குப் போகும். நாற்பது பேர் 900 ரூபாய் கட்டினால் 36,000. எங்கள் கைக்கு 25,200 தான் வரும். அதை ஈடுகட்ட உங்கள் கட்டணத்தை ஏற்ற வேண்டியிருக்கும், அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். யுபிஐ வழியாக நேரடியாகக் கட்டுங்கள். மாதாமாதம் தானாகக் கழியும்படி வைத்தால், கழிவதற்கு ஒரு நாள் முன்பே உங்களுக்குச் செய்தி வரும். அந்த மாதம் பாட நேரமில்லை என்றால் அப்போதே உங்கள் யுபிஐ செயலியில் நிறுத்திவிடலாம், எங்களிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்கெனவே பதிவுப் பாடங்களை வாங்கியவர்கள் மறுபடி எதுவும் கட்ட வேண்டாம். முதல் மூன்று மாதம் உங்கள் பதிவுகளையும் கேட்டுப் பதில் அனுப்புவோம். அந்த நாற்பதில் உங்களுக்குத்தான் முதல் இடம். 'ஸ ரி ஸ' பதிவை மட்டும் விஜயதசமிக்கு ஒரு வாரம் முன்னதாக அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
அக்காவும் நானும்
ஸ்ரீரங்கம்