பார்க்கிங் விஷயமா பில்டர் அனுப்புன பதில்

கண்ணு,

பிளான்ல காட்டுன பார்க்கிங்கை விட்டுட்டு வேற இடத்த குடுத்திருக்கீங்கன்னு நீ கேட்டதுக்கு பில்டர் அனுப்புன பதிலையும் அக்ரிமென்ட்ல சேத்திருக்குற பிளானையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நிதானமா படிச்சேன். "உங்களுக்கு ஒதுக்குனது 17, இப்ப குடுத்திருக்குறதும் 17, அதனால முரண்பாடு எதுவும் இல்ல"ன்னு எழுதியிருக்காங்க பாரு, அந்த ஒரு வரியிலதான் விஷயமே இருக்கு, மீதியெல்லாம் மரியாதைக்கு எழுதுனது.

நம்பர்ங்கறது தரையில பெயிண்ட்ல எழுதுறது, எப்ப வேணா அழிச்சு மாத்தி எழுதலாம், ஆனா பில்லர் நகராது. பிளானோட ஓரத்துல சின்ன சின்ன வட்டத்துக்குள்ள எழுத்தும் எண்ணும் போட்டிருக்கும், அதான் கிரிட் லைன், பில்லரெல்லாம் அந்த லைனை வச்சுதான் நிறுத்துவாங்க. உன் 17 அதுல சி லைனுக்கும் டி லைனுக்கும் நடுவுல, லிஃப்ட் பக்கத்துல இருக்கு. நீ அனுப்புன போட்டோவுல இருக்குற 17 ஜி லைனை தாண்டி சுவரோரமா கிடக்கு. அதனால மெயில்ல "என் 17 எங்க"ன்னு கேக்காத, "சி, டி லைனுக்கு நடுவுல இருக்குற இடத்துல இப்ப என்ன நம்பர் போட்டிருக்கீங்க, அதை யாருக்கு ஒதுக்கியிருக்கீங்க"ன்னு கேளு, அதுக்கு மழுப்பவே முடியாது. வேற யாருக்கும் இன்னும் குடுக்கலன்னா இது தீர்ற வரைக்கும் குடுக்கக் கூடாதுன்னும் அதே மெயில்லயே எழுதிடு.

அளவு ஒண்ணுதான்னு சொல்றதையும் அப்படியே நம்பாதம்மா. 2.5 மீட்டர்னு கோடு போட்டிருப்பாங்க, ஆனா போட்டோவுல பில்லர் அந்த கோட்டுக்குள்ள நிக்குது. அது 30 சென்டிமீட்டர் உள்ள வந்திருந்தா மிச்சம் 2.2 தான், ஒரு 1.75 மீட்டர் வண்டிய விட்டா ரெண்டு பக்கமும் சேத்தே 45 சென்டிமீட்டர்தான் இருக்கும், கதவை திறந்து எப்படி இறங்குவ? பூச்சு முடிஞ்ச சுவர்ல இருந்து பில்லரோட முகம் வரைக்கும் டேப் பிடிச்சு அள, டேப்பும் பில்லரும் சேந்து தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வை.

"லேஅவுட் மாற்றத்துக்கு உட்பட்டது"ன்னு ஒரு ஷரத்தை காட்டியிருக்காங்க. பைப் குறுக்க வந்துச்சு கோட்டை கொஞ்சம் நகத்துனோம்னா சரி, வேற மூலையில குறுகலான இடத்த குடுக்குறதுக்கும் அது போதுமான்னு வக்கீல்கிட்ட காட்டி கேட்டுக்கோ. பிளான் திருத்தியாச்சுன்னு சொல்றாங்கல்ல, அனுமதி வாங்குன அந்த திருத்துன பிளானோட நம்பரும் தேதியும் காப்பியும் கேளு, ஆபீஸ்ல வரஞ்ச பேப்பர் வேற அனுமதி வாங்குன பிளான் வேற.

முக்கியமா, சாவி குடுக்குறப்ப நீட்டுற ஃபார்ம்ல "பார்க்கிங் திருப்தியா பெற்றுக்கொண்டேன்"னு இருந்தா சும்மா கையெழுத்து போட்டுடாத, அந்த வரிய அடிச்சுட்டு "பிளான்படி இல்ல, ஆட்சேபம் நிலுவையில இருக்கு"ன்னு உன் கையால எழுதி அதை போட்டோ எடுத்துக்கோ. அப்படி எழுத விடலன்னா கையெழுத்தே போடாம வந்துடு, அன்னிக்கே நடந்ததை மெயில்ல போட்டுடு.

மெயிலை அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ காட்டு, கிரிட் லைன் எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு பாத்து சொல்றேன்.

அப்பா