தைராய்டு மாத்திரை குறித்து நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவின் இரத்தப் பரிசோதனையில், உடலில் தைராய்டு சுரப்பு போதாதபோது ஏறும் டி.எஸ்.எச். அளவு கூடியிருக்கிறது என்றும், மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்வார்களோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் போகும் முன் இரண்டு விஷயங்களை நீங்களே வீட்டில் பார்த்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலாவது, அம்மா விழுங்குவது தைராய்டு மாத்திரைதானா என்பது. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரையும் பெரும்பாலும் சிறிய வெள்ளை வட்டமாகவே இருப்பதால், இரண்டையும் உறையிலிருந்து எடுத்து ஒரே சிறு டப்பாவில் போட்டுவிட்டால் கண்ணால் பிரித்தறிவதை நம்ப முடியாது. மேலுறையில் உள்ள எழுத்துகளே சான்று. தைராய்டு மாத்திரையின் புட்டியில் தைராக்ஸின் சோடியம் அல்லது லெவோதைராக்ஸின் என்று இருக்கும். இரண்டும் ஒரே மருந்துதான். அதன் அளவு மைக்ரோகிராமில், அதாவது எம்.சி.ஜி. என்று, 25, 50, 75, 100 போன்ற எண்களோடு அச்சிடப்பட்டிருக்கும். அம்லோடிபின் அட்டையிலோ 2.5, 5 அல்லது 10 மில்லிகிராம் என்றிருக்கும். ஆகவே வணிகப் பெயரை மட்டும் பார்க்காமல், மருந்தின் பெயர், எண், அலகு ஆகிய மூன்றையும் மருந்துச்சீட்டோடு ஒப்பிடுங்கள். மாத்திரைகளை அவற்றின் சொந்தப் புட்டியிலேயே வையுங்கள். தைராக்ஸின் வெளிச்சத்திலும் ஈரத்திலும் வீரியம் குறையக்கூடியது என்பதால் இது இரட்டிப்பு அவசியம்.

மாறிப்போனால் உடனே தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும் என்பதால், சில நாள் தவறினாலும் உடம்பு அதிகம் காட்டிக்கொடுக்காது. சோர்வும் மலச்சிக்கலும் மெல்லத்தான் தலைகாட்டும்.

இரண்டாவது, விழுங்கும் நேரம். அம்மா காலையில் காபியோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வதாக நீங்கள் எழுதிய வரியில்தான் எனக்கு ஐயம் பிறந்தது. வெறும் வயிற்றில் இந்த மருந்தின் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. காபியும் உணவும் அதைக் குறைத்துவிடுகின்றன. எழுந்தவுடன் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியும் இட்லியும் ஆகட்டும். அவர் சாப்பிடும் கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அது தைராக்ஸினைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவிடாது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

இவற்றைச் சொல்லாமல் விட்டால் மருத்துவர் 75 மைக்ரோகிராமை 100 ஆக்கக்கூடும். பிறகு என்றாவது அம்மா முறையாக வெறும் வயிற்றில் எடுக்கத் தொடங்கினால் அந்த 100 அவருக்கு மிகையாகி, படபடப்பும் கை நடுக்கமும் வரலாம். அவருடைய வயதில் இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கும் இடமுண்டு. எனவே புட்டியையும் அட்டைகளையும் கையோடு எடுத்துச் சென்று, காபிப் பழக்கத்தையும் சொல்லுங்கள். நேரத்தை மட்டும் திருத்தி, 6 முதல் 8 வாரம் கழித்து மறுபரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்