மேல் கம்பி கைக்கு எட்டும்படி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. தங்கச்சிக்குத் தோள்பட்டை வலி இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். கையை மேலே தூக்க முடியாமல் ஸ்டூல் போட்டு ஏறித் துணி எடுக்கிறாள் என்று படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. முதலில் அந்த ஸ்டூலை அறையை விட்டு வெளியே எடுத்து வை.

கீழே இழுக்கும் ஹேங்கர் கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதை நான் போன வருஷம் எங்கள் சின்னப் படுக்கையறை அலமாரியில் போட்டேன். ஏழடி உயரம், உள்ளே 87 செ.மீ. அகலம். மேலும் கீழுமாக இரண்டு வரிசை துணி தொங்கவிட வேண்டுமென்றால் மேல் கம்பி ஆறரை அடிக்குப் போய்விடும். இந்தக் கம்பியின் நடுவில் ஒரு கைப்பிடி தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் கம்பி வளைந்து முன்னால் வந்து நெஞ்சு உயரத்தில் நிற்கும். துணியை எடுத்துவிட்டு லேசாகத் தள்ளினால் தானே மேலே போய்விடும். இரண்டு பக்கப் பெட்டிக்குள்ளும் இருக்கும் ஸ்பிரிங்கோ கேஸ் குழாயோ அதைத் தூக்குகிறது.

இதில் எடைதான் முக்கியம். நான் வாங்கியது 10 கிலோ தாங்கும். பக்கப் பெட்டிகள் ஆளுக்கு 5 செ.மீ. எடுத்துக்கொண்டதால் துணி மாட்ட 77 செ.மீ.தான் மிச்சம். ஒரு சட்டைக்கு 3 செ.மீ. என்று வைத்தால் 25 சட்டை. ஹேங்கரோடு ஒன்று 300 கிராம் என்றாலும் ஏழரை கிலோதான், கம்பி சுகமாக ஏறி இறங்கும். அதே இடத்தில் 25 பட்டுப்புடவையை மாட்டினால் 17 கிலோவைத் தாண்டும். அப்போது கம்பி பாதி வழியில் நின்றுவிடும், கையால் தூக்கித் தள்ள வேண்டிவரும். தோள் வலிக்காரருக்கு அது இன்னும் கெடுதல். ரொம்பக் குறைவாக மாட்டினாலும் சரிப்படாது. இழுக்கவே பலம் வேண்டும், விட்டால் விசுக்கென்று மேலே போய் இடிக்கும். அதனால் தங்கச்சியின் சுடிதார், சட்டை, நைலக்ஸ் புடவை மட்டும் அங்கே போகட்டும். பட்டெல்லாம் மடித்துத் தட்டில் இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் மூன்றாம் மாதமே ஒரு தொந்தரவு வந்தது. இழுக்கும்போது கம்பியின் இடது பக்கம் கொஞ்சம் பின்தங்கியது. நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் கீழ்த் தட்டில் இருந்த வெள்ளைத் துண்டின் மேல் மரத்தூள் சிந்திக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் இடது பெட்டியின் மேல் ஸ்குரூ பாதி வெளியே வந்திருந்தது. அந்தப் பக்கப் பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது, ஆடும் எடையை ஸ்குரூ பிடிக்கவில்லை. கார்பென்டர் இரண்டு பக்கமும் 12 மி.மீ. பிளைவுட் துண்டைப் பசையோடு ஒட்டி, அதன்மேல் பெட்டியை மாட்டினார். கம்பி நீட்டிச் சுருக்கும் வகை என்பதால் அகலம் குறைந்தது பிரச்சினையாகவில்லை. உன் அலமாரி பிளைவுட்டா என்று முதலிலேயே பார்த்துவிடு.

அப்புறம் கட்டில். கம்பி கீழே வரும்போது அலமாரிக்கு வெளியே ஒன்றரை அடி வந்து நிற்கிறது, ஹேங்கரின் பாதி அதற்கும் முன்னால். எங்களுக்குக் கட்டிலுக்கும் அலமாரிக் கதவுக்கும் நடுவே இரண்டரை அடி இருக்கிறது. அதனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே சட்டை எடுக்கிறேன். உன் அறையில் இரண்டடிதான் இருக்கிறது என்றால் கட்டிலை எதிர்ச் சுவரோடு தள்ளிப் போட்டுப் பார்.

பேன்ட் மாட்டும் இழுப்புச் சட்டத்தைக் கம்பிக்குக் கீழே போட்டுக்கொள். பேன்ட்டை இரண்டாக மடித்துப் போட்டால் 70 செ.மீ. உயரம் போதும், அடியில் ஒரு டிராயருக்கு இடம் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனி: கீல் இருக்கும் பக்கம் சட்டம் வந்தால், கதவு முழுசாகத் திறந்தாலும் கீலும் கதவின் விளிம்பும் குறுக்கே நிற்கும். எங்கள் கதவின் உள்பக்க லேமினேட்டில் ஒரு விரல் நீளக் கீறல் இருப்பது அதனால்தான். பக்கப் பலகைக்கும் சட்டம் ஓடும் சேனலுக்கும் நடுவே ஒரு மரப்பட்டி கொடுத்துத் தள்ளி மாட்டச் சொல்.

டை மாட்டும் கொக்கிச் சட்டம் எனக்கு ரிட்டையரான பிறகு தேவைப்படவில்லை. அதில் இப்போது என் இரண்டு பெல்ட்டும் வீட்டுக்காரியின் துப்பட்டாக்களும் தொங்குகின்றன. கசங்காமல் இருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம்.

உன் அலமாரியின் உள் அகலம், உள் ஆழம், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள இடைவெளி மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுது. கதவுப் பலகையைச் சேர்க்காமல் உள்ளளவு மட்டும். பொங்கலுக்கு வரும்போது கடைக்குச் சேர்ந்தே போவோம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, அவள் கையால் இழுத்துப் பார்த்த பிறகு வாங்கலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்