பாப்பாவின் பாலைக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களுக்கு

போன மாதம் எங்கள் பாப்பாவுக்கு இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டோம். அறுவை செய்த டாக்டர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லியாயிற்று. இந்த மடல் அதற்கு முந்தைய மூன்று மாதம் அவளை எடை ஏற்றிக் கொடுத்தவர்களுக்கு.

முதலில் எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கு. பிறந்து மூன்று மாதம் ஆகியும் பாப்பா 3.6 கிலோதான். பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், மூச்சு வாங்கும், பாதியில் தூங்கிவிடுவாள். ஒரு வேளைப் பாலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். "உனக்குப் பால் போதவில்லை" என்று ஒரு கிளினிக்கில் சொன்னதை நம்பி அழுதுகொண்டிருந்தேன். அக்காதான் மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பார்த்துவிட்டு, "பால்ல குறையில்லை. குடிக்கிறதே இவளுக்கு ஓடுற மாதிரி வேலை" என்று மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த உணவியல் நிபுணர் மேடத்தை எப்படி மறப்பது? ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார். தாய்ப்பால் 100 மில்லியில் சுமார் 67 கலோரி. பாப்பா நாள் முழுக்கக் குடித்தது 420 மில்லி, அதாவது 280 கலோரி. அவளுக்கு வேண்டியதோ கிலோவுக்கு 130 வீதம் 470 கிட்ட. அதை வெறும் பாலில் கொடுக்க 700 மில்லி வேண்டும். அவளால் குடிக்கவும் முடியாது, அவ்வளவு நீர் இதயத்துக்கும் ஆகாது. இதய டாக்டர் ஒத்துக்கொண்டது 520 மில்லி. "அளவைக் கூட்ட முடியாதும்மா, பாலின் சத்தைத்தான் கூட்டணும்" என்றார் மேடம்.

கறந்த தாய்ப்பால் 200 மில்லிக்குக் குழந்தைப் பால்மாவு ஒரு கரண்டி, தலைதட்டி. மூன்று நாள் வயிறு ஏற்றுக்கொண்ட பிறகு இரண்டு கரண்டி. அப்புறம் வேளைக்கு 0.3 மில்லி எம்.சி.டி. எண்ணெய், சுலபமாகச் செரிக்கும் ஒரு கொழுப்பு. எல்லாம் சேர்ந்து 100 மில்லிக்கு 90 கலோரி வந்தது. எண்ணெயை மட்டும் ஏன் நிறைய ஊற்றக்கூடாது என்று கேட்டேன். அதில் கலோரி உண்டு, புரதம் இல்லை, உடம்பு வளராது என்றார். மாவைக் குவித்துப் போட்டால் வயிற்றுப்போக்கு வரும் என்றும் சொன்னார். ஒருநாள் அவசரத்தில் குவித்துப் போட்டு, அதைப் பார்த்தும்விட்டேன். இந்த அளவு எங்கள் பாப்பாவின் எடைக்குப் போட்டது, வாராவாரம் மாறியது. வேறு யாரும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வார்டு சிஸ்டர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 65 மில்லி. பாலாடைக் கிண்ணத்தில் இருபது நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை. குடித்து ஏறும் கலோரியைக் குடிக்கிற களைப்பே தின்றுவிடுமாம். மிச்சம் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில். மூக்கருகில் போட்ட அடையாளம் நகரவில்லையா, உறிஞ்சினால் வயிற்று நீர் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகே பால். சிரிஞ்சைச் சற்று உயர்த்திப் பிடித்தால் பால் தானாக இறங்கும், அழுத்தித் தள்ளக்கூடாது. இதெல்லாம் என் கை நடுங்காமல் செய்யும்வரை பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள்.

அங்கன்வாடி டீச்சருக்கு நன்றி. திங்கள்தோறும் அதே தராசு, அதே காலை நேரம், பால் கொடுக்கும் முன், துணியில்லாமல். சத்துக் கூட்டிய பாலுக்கு முன் மூன்று வாரத்தில் 80 கிராம் ஏறியவள், பிறகு வாரம் 110, 120 என்று ஏறினாள். நடுவில் ஒருமுறை இரண்டு நாள் கழித்தே எடை பார்த்தபோது 180 கிராம் ஏறியிருக்க, சந்தோஷத்தில் மாமியார் கேசரி கிண்டினார். டீச்சர்தான் முகத்தைப் பார்த்து, "கண் வீங்கியிருக்கே" என்றார். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏறியது சதை இல்லை, நீர். நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்தின் அளவை மாற்றினார்கள், அடுத்த வாரம் உண்மையான எடை தெரிந்தது. அறுவைக்குப் போகும்போது 4.9 கிலோ.

என் மாமியாருக்கும் ஒரு வரி. ராகிக் கூழ் கரைத்துக் கொடுக்கலாம் என்று வாதாடியவர், மேடம் கணக்கைக் காட்டிய பிறகு இரவு இரண்டு மணிப் பாலைத் தானே ஏற்றுக்கொண்டார். பிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, சூடாக்கியதில் மிஞ்சியதை ஈவிரக்கமில்லாமல் கீழே ஊற்றிவிடுவார். நான்தான் மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியாகப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா. எண்ணெய் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு பாப்பாவுக்குப் போவதே இல்லை என்று கண்டுபிடித்து, பாலாடையில் கொடுக்கும் முதல் பங்கில் கலக்கச் சொன்னது நீங்கள்தான். சிஸ்டரும் சரி என்றார். உங்கள் போன் எண் எழுதிய சீட்டு துணியோடு துவைத்துப் போய்விட்டது. இதைப் படித்தால் பையன் எத்தனை கிலோ ஆனான் என்று சொல்லுங்கள்.