வால்பாறை சுற்றுலா: பேருந்தில் வாந்தி வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளின் வால்பாறை சுற்றுலா வரும் சனிக்கிழமை. காலை 5 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பேருந்து கிளம்பும். ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை சமதளச் சாலைதான், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதில் தொந்தரவு இருக்காது. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. வாந்தி வருவது அங்கேதான், ஆகவே ஏற்பாடுகளையும் அந்த ஏற்றத்தை வைத்தே செய்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பேருந்தில் குமட்டும் வழக்கம் இருந்தால் இந்தக் கடிதத்தை முழுதும் படித்துவிடுங்கள்.

இது வயிற்றில் தொடங்கும் கோளாறு இல்லை. உள்காதில் உடம்பின் அசைவை உணரும் ஓர் உறுப்பு இருக்கிறது. வளைவில் பேருந்து திரும்பும்போது ‘நாம் திரும்புகிறோம்’ என்று அது மூளைக்குச் சொல்கிறது. பிள்ளையின் கண்ணோ முன் சீட்டின் முதுகையோ கையிலிருக்கும் செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கிறது, அதில் எந்த அசைவும் இல்லை. இந்த இரண்டு சேதியும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இது அதிகம், வளர வளரப் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். ஆகவே பயந்தாங்கொள்ளி, அடம் என்று பிள்ளையைத் திட்ட வேண்டாம். கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொல்ல வைப்பதுதான் முதல் வைத்தியம். அதற்கு எந்த சீட்டில் உட்கார வைக்கிறோம் என்பது முக்கியம்.

கடைசி சீட்டை விரும்பாத பிள்ளை கிடையாது. ஆனால் பேருந்தின் பின்பகுதி பின்சக்கரத்தைத் தாண்டி வெகுதூரம் நீண்டிருக்கிறது. பள்ளத்தில் அது அதிகம் தூக்கிப்போடும், வளைவில் பக்கவாட்டில் அதிகம் வீசும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உள்ள வரிசைகளில் குலுக்கல் குறைவு. முன்பக்கம் போகப் போகச் சாலை தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இடப்பக்கத்து இரண்டாம், மூன்றாம் வரிசைகள்தான் நல்ல இடம். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள சீட் முன்னால் இருந்தும் அவ்வளவு உதவாது. அவர் முதுகும் தடுப்பும் சாலையை மறைத்துவிடும்.

ஜன்னலோரம்தான் வேண்டும் என்று பல பெற்றோர் கேட்பீர்கள் என்று தெரியும். காற்றுக்கு அது சரி. பார்வைக்கு நடைபாதை ஓரமே மேல், ஏனென்றால் அங்கிருந்து முன் கண்ணாடி வழியாக வரப்போகும் வளைவு தெரியும். ஜன்னல் வழியே பக்கத்தில் பார்த்தால் மரங்கள் கண்முன்னே ஓடி மறையும், அது தலைச்சுற்றலைக் கூட்டும். ஆகவே குமட்டும் பிள்ளை நடைபாதை ஓரத்தில் உட்காரும். பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்போம். குளிர்சாதனம் இல்லாத பேருந்தை வேண்டுமென்றேதான் பேசியிருக்கிறோம். தலை சீட்டின் சாய்மானத்தில் அசையாமல் பதிந்திருக்க வேண்டும், கண்ணாடியில் சாய்ந்து தூங்கினால் தலை அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணோடு பலகை உண்டு. அடுத்த பலகையை முதலில் பார்த்து எண்ணைச் சொல்வது யார் என்று ஆசிரியர் விளையாட்டு வைப்பார். கண்ணைச் சாலையை விட்டு விலகாமல் வைத்திருக்க அதைவிட எளிய வழி இல்லை. ஏற்றத்தில் செல்போன், கதைப்புத்தகம், வண்ணம் தீட்டும் புத்தகம் எதற்கும் அனுமதி இல்லை.

இனி சாப்பாடு. “ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் வாந்தி வராது” என்று நினைக்க வேண்டாம். வெறும் வயிற்றிலும் குமட்டும். வெளியே வர ஒன்றும் இல்லாததால் ஓங்கரித்து ஓங்கரித்துக் கடைசியில் மஞ்சளாகப் பித்தநீர் வரும், பிள்ளை துவண்டுவிடும். அதற்காக அதிகாலையில் எழுப்பி ஒரு டம்ளர் பாலை முழுக்கக் குடிக்க வைப்பதும் வேண்டாம். கொழுப்பு சேர்ந்தது வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். கிளம்பும்போது இரண்டு ரஸ்க்கோ உப்பு பிஸ்கட்டோ, கூட அரை டம்ளர் தண்ணீரும் போதும். காலைச் சாப்பாடு பொள்ளாச்சியில், 8 மணி வாக்கில். குமட்டும் பிள்ளைகளுக்கு மூன்று இட்லி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சட்னி. பூரி, வடை, நெய் மிதக்கும் பொங்கல் அவர்களுக்குக் கிடையாது. பக்கத்தில் உள்ளவன் பூரி சாப்பிடுவதைப் பார்த்து அழுதால் சமாளிக்க வேண்டியது எங்கள் பாடு. ஆழியாறில் ஏற்றம் தொடங்க அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வயிறு அதற்குள் ஓரளவு லேசாகிவிடும். ஏற்றத்தின் நடுவே பசித்தால் ஒரு கைப்பிடி பொரி. சிப்ஸ், கிரீம் பிஸ்கட், கேஸ் அடைத்த குளிர்பானம் எதையும் பையில் வைத்து அனுப்பாதீர்கள்.

வாசனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண் குழந்தைகளுக்கு அன்று மல்லிகைப்பூ வேண்டாம். யாருக்கும் சென்ட் வேண்டாம். வண்டி நகர ஆரம்பித்தபின் ஊதுபத்தி ஏற்ற வேண்டாம் என்று ஓட்டுநரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாத்திரை விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். மெடிக்கல் ஷாப்பில் “வாந்தி மாத்திரை” என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்டான்செட்ரானோ டோம்பெரிடோனோ கிடைக்கும். வயிற்றுக் கோளாறில் வரும் வாந்திக்கு அவை கொடுக்கப்படுகின்றன. பயணக் குமட்டல் காதிலிருந்து கிளம்புவதால் அதைத் தடுக்க அவை அவ்வளவாக உதவுவதில்லை. அதற்கு வேலை செய்பவை டைமென்ஹைட்ரினேட், புரோமெதசின், மெக்லிசின் போன்ற வேறு வகை மருந்துகள். எது, எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வலிப்பு, ஆஸ்துமா, வேறு தொடர் மருந்து எதுவும் இருந்தால் அவரிடம் மறைக்காதீர்கள். இந்த மருந்துகள் தூக்கத்தைத் தரும். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாகப் பரபரப்பைக் கிளப்பும். ஆகவே மருத்துவர் எழுதிக்கொடுத்தால், விடுமுறை நாளில் வீட்டில் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் நேரம்தான் தவறும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் டைமென்ஹைட்ரினேட் எழுதியிருக்கிறார். அம்மா 4.30 மணிக்கு, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கொடுத்துவிடுகிறார். அதன் பலன் நாலு முதல் ஆறு மணி நேரம். பொள்ளாச்சி வரை பிள்ளை நன்றாகத் தூங்குகிறது. ஒன்பதரை மணிக்கு முதல் வளைவில் ஏறும்போது மருந்தின் வேகம் இறங்கத் தொடங்கியிருக்கும். ஒன்பதாம் வளைவில் உள்ள காட்சிமுனைக்கு வருவதற்குள் வாந்தி எடுத்துவிடும், ‘மாத்திரை போட்டும் கேட்கவில்லை’ என்ற பேரும் வந்துவிடும். அதே மாத்திரையைப் பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட்டதும், ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுத்திருந்தால் 40 வளைவும் அதன் பலனுக்குள் அடங்கியிருக்கும். இறக்கம் மாலையில்தான். அதற்கு இரண்டாவது தடவை கொடுக்கலாமா, எத்தனை மணி இடைவெளி என்பதையும் மருத்துவர் சீட்டில் எழுதி வாங்குங்கள். சமதளத்திலேயே குமட்டும் பிள்ளைக்குக் கணக்கு வேறு, அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாத எந்த மாத்திரையையும் ஆசிரியர்கள் கொடுக்க மாட்டார்கள். வாந்தி தொடங்கியபின் விழுங்கிய மாத்திரை வாந்தியோடு வெளியே வந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கைவைத்தியத்தில் இஞ்சிக்கு ஓரளவு பலன் உண்டு. இஞ்சி மரப்பா ஒரு சிறு துண்டை ஏற்றத்துக்கு அரை மணி முன்பு வாயில் அடக்கிக்கொள்ளலாம். காரம் தாங்காத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். எலுமிச்சம்பழத்தை முகர்வது டீசல் வாடையை மறைக்கும், அவ்வளவுதான். அதைக் கடவுளாக நம்பி முன் சீட்டை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். மணிக்கட்டில் கட்டும் பட்டையால் பலன் உண்டா என்பது தீராத வாதம். கெடுதல் இல்லை, இருந்தால் கட்டி அனுப்புங்கள்.

வாந்திக்கு முன் அடையாளம் தெரியும். ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். கொட்டாவி வரும், வாய் ஊறும், மேலுதட்டில் வியர்க்கும், முகம் வெளுக்கும். அந்த நேரத்தில் தலையைச் சாய்மானத்தில் வைத்து, தூரத்துச் சாலையைப் பார்த்து, மெதுவாக மூச்சு விடச் சொன்னால் பாதிப் பேருக்காவது தணியும் வாய்ப்பு உண்டு. ‘ஏன்டா, வருதா?’ என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டால் வராததும் வந்துவிடும். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கும் இந்த அடையாளங்களைச் சொல்லி அனுப்புங்கள், அவர்கள் ஆசிரியரைக் கூப்பிட்டால் போதும்.

மலைப்பாதையில் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி வாந்தி எடுப்பதை அனுமதிக்க மாட்டோம். எதிரே வரும் வண்டி உரசிக்கொண்டுதான் போகும். வளைவில் வண்டியை நிறுத்தவும் முடியாது. காகிதப் பை நனைந்து கிழிந்துவிடும், பாலித்தீன் பை வழியில் வரும் புலிகள் காப்பகத்துக்குள் கொண்டுபோகக் கூடாத பொருள். ஆகவே மூடி உள்ள ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி, அடியில் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு அனுப்புங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மூடி வாடையை அடக்கும். ஒருவர் வாந்தியின் வாடையில்தான் பக்கத்தில் மூன்று பேர் எடுப்பார்கள். கூடவே ஒரு ஈரத்துண்டு, மாற்று உடுப்பு, கால் லிட்டர் தண்ணீர்.

வாந்தி எடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வைத்து, கால் மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் கொடுப்போம். ஒரே மூச்சில் குடித்தால் அதுவும் திரும்பி வரும். இரண்டு மூன்று தடவை எடுத்துவிட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் தருவோம், பொட்டலங்கள் எங்களிடம் இருக்கும். வண்டியை விட்டு இறங்கி ஒரு மணி நேரமாகியும் வாந்தி நிற்காவிட்டால், காய்ச்சலோ கடுமையான வயிற்றுவலியோ தலைவலியோ சேர்ந்தால், அதைப் பயணக் குமட்டல் என்று விட்டுவிடாமல் வால்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று உங்களுக்கும் போன் செய்வோம்.

முன்வரிசையில் நல்ல இடம் பன்னிரண்டு பேருக்குத்தான். இணைத்துள்ள படிவத்தில் பிள்ளைக்கு இதற்கு முன் மலைப்பாதையில் வாந்தி வந்ததா, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று எழுதுங்கள். சீட் கிடைக்க வேண்டும் என்று கூட்டி எழுத வேண்டாம். மருத்துவர் சீட்டையும், பெயர் எழுதிய உறையில் மாத்திரையையும் வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுங்கள், பிள்ளையின் பையில் வைக்காதீர்கள். புதன்கிழமை மாலை 4 மணிக்குள் படிவம் வந்துவிட்டால் வியாழனன்று சீட் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்