கேஒய்சி முடிக்காதவர்கள் சோம்பேறிகளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொபைல் வாலட் கட்டுரையில், ‘கேஒய்சி முடிக்கச் சோம்பல்பட்டால் பணம் வராது’ என்று ஒரு வரி இருந்தது. இருபது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறேன். அந்த வரி என்னைப் புண்படுத்திவிட்டது.

நான் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர். மருந்து, கரண்டு பில், கேஸ் எல்லாம் வாலட்டில்தான் கட்டுகிறேன். கோவையிலிருந்து மகன் அதில் பணம் போடுவான். போன மாதம் 4-ம் தேதி 6,000, 11-ம் தேதி 2,500 ரூபாய் போட்டான். செலவு போக 1,200 மிச்சம் இருந்தது. 22-ம் தேதி மருந்துக்காக 3,000 போட்டான், ஏறவில்லை. ‘Monthly limit exceeded’ என்று வந்தது. 1,200 ரூபாய்தானே இருக்கிறது, எப்படி வரம்பு தாண்டும் என்று குழம்பிப்போனேன்.

கேஒய்சி முடிக்காத வாலட்டில் இருப்பு 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் உள்ளே வரும் மொத்தமும் அந்த 10,000-க்குள்தான் இருக்க வேண்டும் என்பது தெரியாது. செலவழித்தாலும் இடம் காலியாகாது. 8,500 வந்துவிட்டதால் இன்னும் 1,500 மட்டுமே ஏறும். இதை முன்னாலேயே ஒரு வரியில் காட்டியிருந்தால் மகன் 1,500 போட்டிருப்பான். அன்று மருந்துக்கடையில் கடன் சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, கேஒய்சி முடித்துவிடலாம் என்று மூன்று முறை வீடியோவில் உட்கார்ந்தேன். பான் அட்டையை நெற்றிக்கு நேரே பிடித்துக் காட்டினேன். ஆதாரில் என் பெயருக்கு முன் ஓர் இனிஷியல். பானில் இனிஷியல் கூடாதென்று அப்பா பெயரை முழுசாக விரித்துப் போட்டிருக்கிறார்கள். ‘பெயர் பொருந்தவில்லை’ என்று மூன்று முறையும் நிராகரித்துவிட்டார்கள். பென்ஷன் புத்தகத்திலும் கேஸ் இணைப்பிலும் இதே இனிஷியலுக்காகத்தான் அலைந்தேன். அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்வது நம் ஊர் வழக்கம். அதற்கு நான் என்ன செய்ய? இதைச் சோம்பல் என்று எழுதலாமா?

வாலட்டிலிருந்து கட்டிய பணம் ரத்தாகித் திரும்பி வந்தால், வரம்பு தாண்டினாலும் வரவு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேஒய்சி முடிக்காமலே வாலட்டை மூடினாலும், மிச்சப் பணத்தை அது வந்த கணக்குக்கே திருப்பிவிடலாம். உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

அடுத்த இதழில் இந்த இரண்டு விதிகளையும் மாத வரம்புக் கணக்கையும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். பான், ஆதார் இரண்டில் எந்தப் பெயரை, எங்கே போய்த் திருத்துவது என்பதையும் சேர்த்துச் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
கும்பகோணம்