புகைப்பட மூலைக்கு அச்சிட்ட துணியே வேண்டும்: ஆண்டு விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் ஆண்டு விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் புகைப்பட மூலையில் பச்சைத் திரை கட்டிப் பின்னணியைக் கணினியில் மாற்றப் போவதாகச் சுற்றறிக்கையில் படித்தேன். சென்ற ஆண்டு நடந்தது தங்களுக்குத் தெரியாததன்று. ஆகவே நேரடியாகவே கேட்கிறேன்: இம்முறை அச்சிட்ட துணிப் பின்னணியையே வையுங்கள்.

கும்மி ஆடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இலைப்பச்சைப் பட்டுப்பாவாடையோடு அந்தத் திரையின் முன் நின்றார்கள். மென்பொருள் பார்ப்பது நிறத்தை மட்டுமே என்பதால், திரையோடு பாவாடையையும் சேர்த்து நீக்கிவிட்டு, இடுப்புக்குக் கீழே பெரிய கோயில் கோபுரத்தை நிரப்பியது. பாவாடையைக் காப்பாற்ற நீக்கவேண்டிய பச்சையின் அளவைக் குறைத்தபோது, திரையின் சுருக்கங்களில் நிழல் விழுந்த இடங்களெல்லாம் திட்டுத்திட்டாக அப்படியே நின்றுவிட்டன. தன் கால்கள் எங்கே என்று கேட்ட குழந்தைக்கு அங்கிருந்த எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பச்சைப் பாவாடையை வாங்கச் சொன்னதே பள்ளிதான் என்பதை மிகுந்த வருத்தத்துடன் நினைவூட்டுகிறேன்.

திரையை நீலமாக மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லப்படுகிறது. நம் சீருடையே நீலம். தவிர, திரையின் நிறம் முகத்திலும் வெள்ளை வேட்டியிலும் படியாமலிருக்கப் பிள்ளைகள் அதிலிருந்து ஆறடியாவது தள்ளி நிற்க வேண்டும். திரைக்குத் தனியாகச் சீரான விளக்கொளியும் வேண்டும். நம் தாழ்வாரத்தில் அதற்கு இடமில்லை. நிறத்திரையே இல்லாமல் ஆளைப் பிரித்தெடுக்கும் செயலிகளும் பின்னல் ஓரத்தையும் மல்லிகைச் சரத்தையும் பல நேரம் வெட்டிவிடுகின்றன. ஒவ்வொரு படத்தையும் திருத்த ஒருவர் உட்கார்ந்தால் வரிசை நகராது. பெற்றோரில் பலர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அச்சிட்ட பின்னணியிலும் குறை உண்டு. எல்லோருக்கும் ஒரே காட்சிதான் கிடைக்கும். பளபளப்பான ஃபிளெக்ஸில் அடித்தால் ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளைத் திட்டாகப் படத்தில் விழும். அதனால் மினுக்கமில்லாத துணியில், பத்தடி அகலமும் எட்டடி உயரமுமாக அச்சிடச் சொல்லுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து நிற்க அது போதும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சகத்துக்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவு பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். மேலும் கீழும் குழாய் செருகி இழுத்துக் கட்டினால் சுருக்கம் விழாது. விளக்குகளை இரு பக்கத்திலும் சாய்வாக வைத்து, பிள்ளைகளை மூன்று நான்கு அடி முன்னால் நிறுத்தினால் நிழலும் துணியில் விழாது. ஆண்டைக் குறிப்பிடாமல் அச்சிட்டால் அடுத்த விழாக்களுக்கும் அதுவே உதவும்.

அச்சகத்துக்கு நாள் வேண்டும் என்பதால், துணிப் பின்னணிக்கான முடிவை இந்த வாரமே எடுக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பில் படித்த பிள்ளையின் பெற்றோர்